காக்கா, தாத்தா ஆகும்போது: பேச்சுப் பயிற்சிக் குறிப்பிலிருந்து பெற்றோரின் கைக்கு



மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சி அளிப்பவர், ஒவ்வொரு வேளையும் முடிந்தவுடன் குழந்தையின் கோப்பில் சில வரிகளை எழுதிவைப்பார். அது அவர் தமக்கென்று எழுதிக்கொள்வது. சுருக்கெழுத்தும் எண்களுமாக இருக்கும். சில வாரங்கள் சென்றபின் அதிலிருந்து ஒரு முன்னேற்ற அறிக்கையும், வீட்டில் செய்யவேண்டிய பயிற்சித் தாளும் உருவாக வேண்டும். இது வெறும் நகலெடுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறோம்.

நாலரை வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். செவித்திறன் சோதனையில் குறையில்லை. ஆனால் ‘க’ என்னும் ஒலி அவனுக்கு ‘த’ என்றே வருகிறது. காக்காவைக் கண்டால் “தாத்தா” என்கிறான். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொடவேண்டிய இடத்தில், நுனி பல்லைத் தொடுகிறது. சிறு பிள்ளைகள் பலரிடம் இது காணப்பட்டு, பெரும்பாலும் நான்கு வயதுக்குள் தானாக மறைந்துவிடும். இவனுக்கு மறையவில்லை.

கோப்பில் இருப்பது இவ்வளவே. இரண்டாம் வேளை: மரக்குச்சியால் நாக்கு நுனியை அழுத்திப் பிடித்து, ‘க்’ ஒலி மட்டும், 20க்கு 17. ஐந்தாம் வேளை: குச்சியின்றி ‘கா, கோ, கூ’, 20க்கு 14. எட்டாம் வேளை: படம் பார்த்துத் தானாகச் சொல் சொல்லுதல், 20க்கு 9.

இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் தாய் என்ன காண்பார்? 85 சதவீதம், 70, பிறகு 45. பிள்ளை பின்னுக்குப் போகிறான் என்றே எண்ணுவார். உண்மையில் ஒவ்வொரு முறையும் வேலை கடினமாக்கப்பட்டது, உதவி குறைக்கப்பட்டது. ஆகவே அறிக்கை எழுதுபவர், ஒரே வேலையை, ஒரே அளவு உதவியுடன் செய்த இரு நாட்களைத் தேடி எடுக்க வேண்டும். முதல் நாளிலும் இதே படங்கள் காட்டப்பட்டன. அன்று 20க்கு 0. இன்று 9. “முதல் நாள் ஒரு சொல்லும் வரவில்லை, இப்போது யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஏறக்குறைய பாதிச் சொற்கள் சரியாக வருகின்றன.” அறிக்கையின் முதல் வரி இதுதான். (மூன்று நிலைகளையும் கூட்டிச் சராசரி போடுவதில் பொருளே இல்லை.) கோப்பிலுள்ள குடும்பச் செய்திகள், பள்ளிக்கும் போகக்கூடிய இந்தத் தாளில் இடம்பெறலாகாது.

அடுத்தது இலக்கு. “பேச்சு தெளிவடைதல்” என்று எழுதினால், அது நிறைவேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. “படம் காட்டியவுடன், உதவியின்றி, ‘க’வில் தொடங்கும் 20 சொற்களில் 16ஐ, அடுத்தடுத்த இரு வேளைகளில் சரியாகச் சொல்லுதல்” என்றால் எண்ணிப் பார்க்கலாம். இரு வேளைகள் என்பது, ஒரு நாள் அதிர்ஷ்டத்தை முன்னேற்றம் என்று எண்ணாதிருக்க.

வீட்டுத் தாளோ இந்த இலக்கைவிட ஒரு படி கீழே நிற்க வேண்டும். அதே எட்டாம் வேளையில், பயிற்சியாளர் முதலில் சொல்லிக்காட்ட, சிறுவன் 20க்கு 16 சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொன்னான். வீட்டுக்குக் கொடுப்பது அதைத்தான். அம்மா சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். புதிதாகக் கற்பிப்பது தாயின் வேலையல்ல.

சொற்களைத் தெரிந்தெடுப்பதில் கவனம் தேவை. கால், காய், கோழி, கூடை, காக்கா ஆகிய ஐந்தும் நல்லவை. கத்தி, காது வேண்டாம். உள்ளேயிருக்கும் ‘த’ நாக்கை முன்னுக்கு இழுத்துவிடும். நம் எழுத்தும் ஏமாற்றும்: ‘மகன்’ என்பதில் ‘க’ எழுதியிருந்தாலும் வாயில் வருவது மெல்லிய வேறு ஒலி. நடுவில் வரும் ‘க’வுக்கு அக்கா, மூக்கு போன்றவையே பயன்படும், அவை அடுத்த தாளுக்கு.

தாளில் படங்கள் இருந்தால் எழுதப்படிக்கத் தெரியாத தாயும் நடத்தலாம். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும். சரியாக வந்தால் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை போடச் சொல்லலாம். தவறினால் “ஒழுங்காச் சொல்லு” என்று அதட்டாமல், “தாத்தாவா? காக்காவா?” என்று கேட்டு, ஒருமுறை தாமே சொல்லிக்காட்டி அடுத்த படத்துக்குப் போக வேண்டும். தொடர்ந்து மூன்று சொற்கள் தவறினால், ‘கா, கோ, கூ’வுக்குத் திரும்பி அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், அங்கேயே தாய் பிள்ளையோடு ஒருமுறை செய்து காட்டும்படி கேட்பது அவசியம். தாளில் எது புரியவில்லை என்பது அப்போதுதான் வெளிப்படும்.

தாளின் அடியில் இன்னொரு வரியும் வேண்டும். சில வாரங்களில் சிறுவன் தன் சொந்தத் தாத்தாவை “காக்கா” என்று கூப்பிடக்கூடும். புதிய ஒலியை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறான், பயப்படவேண்டியதில்லை. ஆனால் அடுத்த வேளை வரும்போது மறவாமல் சொல்ல வேண்டும். இரு ஒலிகளையும் பிரித்துக் கேட்கும் பயிற்சியை அன்றைக்கே தொடங்கலாம்.