விளம்பரப் பணத்தைப் பிரிப்பது யார்?

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பட்டுப்புடவை விற்கும் ஒரு கடை, விளம்பரத்துக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேம்பெயினுக்குள் மூன்று ஆட் செட்: தமிழ்நாட்டுப் பெண்கள், கடையின் இணையதளத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள், புதிதாக முயலும் கேரளம். ஒரு விற்பனைக்குச் சராசரியாக 300 ரூபாய் விளம்பரச் செலவு ஆகிறது.

பட்ஜெட்டை கேம்பெயினுக்கு மொத்தமாகக் கொடுத்தால் அது சிபிஓ. அடுத்த விற்பனை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று பார்த்து, மெட்டாவின் கணினி பணத்தை அங்கே நகர்த்தும். ஒவ்வோர் ஆட் செட்டுக்கும் நாமே தொகை எழுதினால் அது ஏபிஓ.

சிபிஓவில் பெரும்பாலும் பெரிய கூட்டமே பணத்தை இழுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டுக்கு 2,400, கேரளத்துக்கு 90 என்று போனால், கேரளத்தில் வாரம் முழுக்கச் செலவாவது 630 ரூபாய்தான். இரண்டே விற்பனைக்குத்தான் காணும் இந்தத் தொகையை வைத்து அந்தச் சந்தை நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. ஏபிஓவில் தினம் 800 என்று எழுதிவிட்டால் வாரத்துக்கு 5,600. பதினெட்டு விற்பனை வர வேண்டிய இடத்தில் ஐந்துதான் வந்தால், பதில் தெளிவு. புதிய ஊரையோ புதிய வாடிக்கையாளரையோ சோதிக்கும்போது ஏபிஓதான் நம் கையில் பிடி தருகிறது.

அதற்காக எல்லாவற்றையும் பிரித்துப்போடக் கூடாது. ஓர் ஆட் செட் கற்றல் கட்டத்தைத் தாண்ட, வாரத்துக்குச் சுமார் 50 விற்பனை தேவை என்கிறது மெட்டா. நம் கடையின் 21,000 ரூபாய்க்கு மொத்தமே எழுபது விற்பனைதான். மூன்றாகச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு இருபத்துமூன்று, ஒன்றுகூடத் தேறாது. மொத்த விற்பனைதான் குறி என்றால் சிபிஓவே மேல்.

ஆனால் சிபிஓ அறிக்கையைப் படிப்பதில் பலர் சறுக்குகிறார்கள். இணையதளம் பார்த்தவர்களிடம் ஒரு விற்பனைக்கு 180 ரூபாய், தமிழ்நாட்டில் 310. 'மலிவானதை விட்டுவிட்டு இங்கே ஏன் கொட்டுகிறது?' என்று தமிழ்நாட்டை நிறுத்திவிடுகிறார்கள். 180 என்பது இதுவரை நடந்த விற்பனைகளின் சராசரி. அந்தச் சிறு கூட்டத்தில் வாங்கக்கூடியவர்கள் வாங்கி முடித்திருந்தால், அடுத்த விற்பனைக்கு 450 ஆகலாம். அதனால்தான் பணம் வெளியே போகிறது. ஒரே ஆளுக்கு விளம்பரம் திரும்பத் திரும்பப் போவதைக் காட்டும் ஃப்ரீக்வென்சி எண் ஏறிக்கொண்டே இருந்தால் அதுதான் அறிகுறி. சிபிஓவைக் கேம்பெயினின் மொத்தக் கணக்கை வைத்தே எடைபோட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. சிபிஓவிலேயே ஓர் ஆட் செட்டுக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று செலவு வரம்பு போடலாம். கேரளத்துக்கு மட்டும் குறைந்தபட்சம் 800 என்று போடுவது நியாயம். மூன்றுக்கும் இறுக்கமாக வரம்பு போட்டால் கணினிக்கு நகர்த்த எதுவும் மிஞ்சாது. அதற்கு நேராக ஏபிஓவையே எடுத்துக்கொள்ளலாம்.