பில் குறைந்தால் சிக்கனமா?

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் எந்த நூற்பாலைக்குப் போனாலும் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு எண்ணைப் பற்றிப் பேச்சு நடக்கும். அதற்குப் பெயர் யூகேஜி. ஒரு கிலோ நூல் நூற்க எத்தனை யூனிட் மின்சாரம் ஆனது என்பதுதான் அது. மொத்த யூனிட்டை மொத்தக் கிலோவால் வகுத்தால் வந்துவிடும். நாலாம் வகுப்புக் கணக்கு. ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடும்போதுதான் பெரும்பாலான ஆலைகள் சறுக்குகின்றன.

ஒரு ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். ஏப்ரலில் 1,50,000 கிலோ நூல் நூற்றது, 6,00,000 யூனிட் மின்சாரம் ஆனது. ஜூனில் 1,25,000 கிலோ, 5,40,000 யூனிட். பில்லை மட்டும் பார்க்கும் முதலாளிக்கு மகிழ்ச்சி, 60,000 யூனிட் குறைந்திருக்கிறது. யூகேஜியைப் பார்க்கும் மேனேஜருக்குக் கவலை. ஏப்ரலில் 4.00 இருந்தது ஜூனில் 4.32 ஆகிவிட்டது. "என்னங்க மாஸ்டர், யூகேஜி இப்படி ஏறிக் கிடக்குது?" என்று ஸ்பின்னிங் மாஸ்டரைப் பிடித்துக்கொள்வார். மாஸ்டர், "நம்பர் மாத்தினோம்ல சார்" என்பார். மேனேஜருக்கு அது சாக்குப்போக்காகத் தெரியும். இந்த இடத்தில் மாஸ்டர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

நூலுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒரு கிலோ 40ஆம் நம்பர் நூலைப் பிரித்துப் போட்டால் சுமார் 68 கிலோமீட்டர் நீளும். அதே ஒரு கிலோ 60ஆம் நம்பராக இருந்தால் 100 கிலோமீட்டரைத் தாண்டும். நீளம் மட்டும் கூடவில்லை. மெல்லிய நூல் அறுந்துபோகாமல் நிற்க ஒவ்வொரு அங்குலத்துக்கும் அதிக முறுக்கு வேண்டும். கதிர் சுற்றும் வேகமும் முறுக்கு விகிதமும் மாறவில்லை என்றால், 60ஆம் நம்பரில் ஒரு கிலோவை முடிக்க ரிங் ஃபிரேம், 40ஆம் நம்பருக்கு ஆகும் நேரத்தைப் போல ஏறத்தாழ 1.84 மடங்கு ஓட வேண்டும். ஆலையின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் விழுங்குவது இந்த ரிங் ஃபிரேம்தான். அப்படியிருக்க, 40ஆம் நம்பர் கிலோவையும் 60ஆம் நம்பர் கிலோவையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் வருகிற எண் யாருக்கும் நியாயம் செய்யாது.

அதனால்தான் நூற்பாலைகள் எல்லா நூலையும் 40ஆம் நம்பருக்கு மாற்றிக் கணக்கிடும் பழக்கத்தை வைத்திருக்கின்றன. கோவையில் இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது சிட்ரா, இந்த வகை ஒப்பீடுகளுக்கு வழிகாட்டி வருகிறது. நம் கற்பனை ஆலையின் அட்டவணையில் 60ஆம் நம்பருக்கு 1.7 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1.84 ஏன் இல்லை என்றால், புளோரூமும் கார்டிங்கும் பஞ்சைக் கிலோ கணக்கில்தான் பார்க்கின்றன. அங்கே நம்பர் ஏறியதற்காகச் செலவு அவ்வளவாக ஏறாது. அதனால் ஆலை முழுவதற்குமான பெருக்கு எண் சற்றுக் குறையும்.

இப்போது ஜூனைத் திரும்பப் பார்ப்போம். அந்த மாதம் 1,15,000 கிலோ 40ஆம் நம்பர், 10,000 கிலோ 60ஆம் நம்பர். இந்தப் பத்தாயிரத்தை 1.7ஆல் பெருக்கினால் 17,000. ஆக மொத்தம் 1,32,000 கிலோ நூற்றதற்குச் சமம். 5,40,000 யூனிட்டை இதால் வகுத்தால் 4.09. மாஸ்டர் சொன்னதில் முக்கால் பங்கு உண்மை. ஏறியதாகத் தெரிந்த 0.32இல் 0.23 நம்பர் மாற்றத்தால் வந்தது.

மீதி 0.09? அதற்குக் காரணம் வேறு. நூல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆலையில் சில மீட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கு, அலுவலகம், மின்மாற்றியின் சுமையில்லா இழப்பு, பாதி மெஷின் நின்றாலும் ஷெட் முழுவதற்கும் காற்றை ஈரமாக்கும் ஈரப்பத நிலையம், எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் கம்ப்ரசர் குழாய்கள். இவற்றின் செலவு உற்பத்தியோடு சேர்ந்து இறங்குவதில்லை. உற்பத்தி குறைந்தால் அதே செலவு குறைவான கிலோக்களின் தலையில் விழும். யூகேஜி தானாக ஏறும்.

இந்த நிலையான செலவு எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் புது மீட்டர் எதுவும் வேண்டாம். கடந்த 12 மாதக் கணக்கே போதும். கட்டத்தாளில் கிடைமட்டமாக 40ஆம் நம்பருக்கு மாற்றிய கிலோவையும், செங்குத்தாக யூனிட்டையும் வைத்து மாதத்துக்கு ஒரு புள்ளி போடுங்கள். புள்ளிகள் ஊடாக ஒரு நேர்கோடு இழுத்தால், உற்பத்தி பூஜ்யமாக இருக்கும் இடத்தில் கோடு எங்கே வெட்டுகிறதோ அதுதான் நிலையான செலவு. கோட்டின் சாய்வு, ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் ஆகும் யூனிட். எக்செலில் பி வரிசையில் கிலோவும் சி வரிசையில் யூனிட்டும் இருந்தால் இரண்டே வரி:

```
=INTERCEPT(C2:C13,B2:B13)
=SLOPE(C2:C13,B2:B13)
```

நம் ஆலைக்கு முதல் வரி 1,20,000 என்றும் இரண்டாவது 3.2 என்றும் வருவதாகக் கொள்வோம். அப்படியானால் ஏப்ரலுக்கு இருந்திருக்க வேண்டிய செலவு: 1,50,000 கிலோவை 3.2ஆல் பெருக்கி, 1,20,000 கூட்டினால் சரியாக 6,00,000. ஜூனுக்கு 1,32,000 கிலோ, அதாவது 5,42,400. உண்மையில் ஆனது 5,40,000. மேனேஜர் கவலைப்பட்ட மாதத்தில் ஆலை எதிர்பார்த்ததைவிட 2,400 யூனிட் குறைவாகத்தான் செலவழித்திருக்கிறது!

செப்டம்பரில் கதை தலைகீழ். எல்லாம் 40ஆம் நம்பர், உற்பத்தி 1,65,000 கிலோ, செலவு 6,58,000 யூனிட். யூகேஜி 3.99, ஏப்ரலைவிட ஒரு சுழி குறைவு. கூட்டத்தில் எல்லாருக்கும் டீயும் வடையும். ஆனால் இவ்வளவு நூற்ற மாதத்தில் நிலையான செலவு அதிகக் கிலோக்களுக்குப் பகிரப்பட்டு, யூகேஜி 3.93 வரை இறங்கியிருக்க வேண்டும். கோட்டின்படி ஆகியிருக்க வேண்டியது 6,48,000. மீதி 10,000 யூனிட் எங்கோ போயிருக்கிறது. யூனிட் ஏழு ரூபாய் என்று போட்டாலும் 70,000 ரூபாய். வகுத்தலோடு நின்றுவிட்ட அறிக்கையில் இது நல்ல மாதம்.

பத்தாயிரம் யூனிட் என்றால் இரவு பகலாக மாதம் முழுதும் ஓடும் 14 கிலோவாட் மோட்டார். இந்த அளவு தெரிந்தால் எதைத் தேடுவது என்பதும் ஓரளவு தெரியும். நான் முதலில் சந்தேகப்படுவது அழுத்தக் காற்றைத்தான். ஆட்டோகோனரில் அறுந்த நூலை ஒட்டும் ஸ்பிளைசருக்குப் போகும் சிறு குழாய்கள், அவற்றின் இணைப்புகள், வால்வுகள் எல்லாம் கசியும். ஷெட்டின் சத்தத்தில் அது காதில் விழாது. ஆலை முழுவதும் நிற்கும் ஒரு விடுமுறை நாளில் கம்ப்ரசரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். காற்றை யாரும் பயன்படுத்தாத நேரத்தில், ஒருமுறை அழுத்தம் ஏறிய பிறகு கம்ப்ரசருக்கு வேலை இருக்கக்கூடாது. 10 நிமிடத்தில் 4 நிமிடம் லோடில் ஓடினால், அது தரக்கூடிய காற்றில் 40 சதவீதம் ஓட்டைகள் வழியாகப் போகிறது என்று பொருள். அப்புறம் சோப்புத் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு இணைப்பு இணைப்பாகப் போக வேண்டியதுதான்.

ஆனால் கசிவைத் தேடக் கிளம்புமுன் கணக்கே சரியா என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் பாதி 'விரயம்' தேதிக் குழப்பத்தில்தான் இருக்கிறது. மின்வாரிய ரீடிங் எடுக்கும் நாள் ஒன்று, உற்பத்திக் கணக்கை முடிக்கும் நாள் இன்னொன்று. நம் ஆலையில் ஒரு நாள் செலவு சுமார் 20,000 யூனிட். ஒரே ஒரு நாள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நழுவினால், நாம் தேடும் பத்தாயிரத்தைப் போல இரண்டு மடங்கு பிழை வந்துவிடும். ஆகவே பில்லில் உள்ள யூனிட்டை நம்பாமல், மாதக் கடைசி ஷிப்ட் முடியும் அதே மணிக்கு ஆலையின் ஆளே மெயின் மீட்டரைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். நான் ஏப்ரல், ஜூன், செப்டம்பரை எடுத்ததற்கும் காரணம் உண்டு. மூன்றுக்கும் 30 நாள். 31 நாள் மாதம் என்றால் நிலையான செலவில் ஒரு நாளுக்கு 4,000 யூனிட் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு ஆலைகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் காற்றாலை. சொந்தக் காற்றாலை உற்பத்தி பில்லில் கழிந்து வரும். கழித்த பின் மிஞ்சும் யூனிட்டை எடுத்து வகுத்தால், ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் எல்லா ஆலையும் அபாரச் சிக்கனமாகத் தெரியும். மெஷின் தின்ற மின்சாரம் குறையவில்லை, கட்டிய பணம்தான் குறைந்தது. கூரைச் சோலாரில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. அது மெயின் மீட்டருக்கே வராமல் உள்ளேயே செலவாகிவிடும். சோலார் மீட்டர், ஜெனரேட்டர் மீட்டர் இரண்டையும் படித்துக் கூட்டினால்தான் மொத்தம் கிடைக்கும். கிலோப் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். லாரியில் ஏறிய நூலை எடுக்கக்கூடாது, அந்த மாதம் நூற்ற நூலை எடுக்க வேண்டும். விற்பனைக் கணக்கை உற்பத்தி என்று போட்டால், போன மாதத்து இருப்பு இந்த மாதத்துக்கு இனாமாக வந்து சேரும்.

இந்தக் கோட்டுக்கும் எல்லை உண்டு. 12 புள்ளிகளும் கோட்டின் மேலேயே உட்காராது. வழக்கமாக 4,000 யூனிட் இப்படி அப்படி சிதறும் ஆலையில் ஜூனின் 2,400க்கு யாரையும் பாராட்டவும் வேண்டாம். செப்டம்பரின் 10,000 அந்தச் சிதறலைத் தாண்டி நிற்பதால்தான் அது தேடத்தக்கது. பங்குனி, சித்திரை வறட்சியில் ஈரப்பத நிலையத்தின் பம்பும் விசிறியும் கூடுதலாக ஓடும், ஐப்பசி மழையில் குறையும். எனவே போன வருட அதே மாதத்துப் புள்ளி கோட்டுக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா என்றும் பார்த்துவிடுவது நல்லது. புது ரிங் ஃபிரேம் வந்தாலோ கதிர் வேகத்தை மாற்றினாலோ பழைய கோடு செல்லாது, மறுபடியும் போட வேண்டும்.

பெரிய ஆலைகளுக்கு இது விருப்பப் பாடமும் இல்லை. மத்திய அரசு 2012இல் தொடங்கிய பாட் திட்டம் ஜவுளி உள்ளிட்ட துறைகளின் பெரிய நுகர்வோருக்கு, ஒரு அலகு உற்பத்திக்கு ஆகும் எரிசக்தியில் குறைப்பு இலக்கு வைத்தது. உற்பத்தியாகும் பொருளின் கலவை மாறினால் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும் முறையும் அதில் உண்டு. சிறு ஆலைகளைக் கேட்பாரில்லை, அவர்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் ஆலை அறிக்கையில் இப்போது யூனிட், கிலோ, யூகேஜி என்று மூன்று கட்டங்கள் இருந்தால், அடுத்த மாதம் இன்னும் இரண்டைச் சேருங்கள்: 40ஆம் நம்பருக்கு மாற்றிய கிலோ, அந்தக் கிலோவுக்கு ஆகியிருக்க வேண்டிய யூனிட். மாஸ்டரிடம் கேள்வி கேட்பதென்றால் ஆன யூனிட்டுக்கும் ஆகியிருக்க வேண்டிய யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கேளுங்கள்.