சுமத்ராவுக்குப் போன சிங்கப்பூர் வீடு

சென்னை பார்க் டவுன் பக்கம் ஒரு கடை. அதன் தீர்க்கரேகை 80.270718 என்று ஃபோன் சொல்கிறது. ஒரு டிகிரி என்பது சென்னையில் கிழக்கு மேற்காகச் சுமார் 108 கி.மீ. அப்படியானால் ஆறாவது தசம இலக்கம் வெறும் 11 செ.மீ. ஃபோனின் ஜிபிஎஸ்ஸே வெட்டவெளியில் ஐந்து மீட்டர் வரை தவறலாம் என்பதால் ஆறு இலக்கம் தாராளம்.

இந்த எண்ணை மைசீக்வலில் FLOAT வகையில் போட்டுப் பாருங்கள். FLOAT-க்கு மொத்தமே 4 பைட்தான் இடம். 80-ஐ ஒட்டிய எண்களை அது சுமார் 83 செ.மீ.க்கு ஒரு படியாகத்தான் வைக்கும். நடுவில் விழும் எண்ணைப் பக்கத்துப் படிக்குத் தள்ளிவிடும். நம் கடை 80.2707214 ஆகிறது, அதாவது 37 செ.மீ. நகர்வு. இது பெரிய குற்றமில்லை. ஆனால் திரும்பக் கேட்டால் மைசீக்வல் ஆறு இலக்கம் மட்டும் காட்டி 80.2707 என்று நிறுத்திக்கொள்கிறது. கடை இரண்டு மீட்டர் தள்ளிப்போயிற்று. அந்த எண்ணை அப்படியே இன்னொரு டேபிளுக்கு ஏற்றினால் விட்டுப்போன இலக்கங்கள் விட்டுப்போனவைதான். இன்னொரு சோதனையும் உண்டு:

```sql
SELECT * FROM shops WHERE lng = 80.270718;
```

நீங்களே போட்ட கடை, ஆனால் ஒரு வரிகூட வராது.

DOUBLE இப்படிச் செய்யாது. 8 பைட் எடுத்துக்கொண்டு மில்லிமீட்டரைவிடப் பல மடங்கு நுட்பமாக வைக்கும். தூரக் கணக்குக்கு அதுவே போதும். போட்ட எண் போட்டபடியே இருக்க வேண்டும், அதை வைத்துத் தேடவும் வேண்டும் என்றால் DECIMAL எடுங்கள். DECIMAL(9,6)-க்கு 5 பைட்தான், FLOAT-ஐவிட ஒன்றே ஒன்று கூடுதல். அந்த ஒரு பைட்டை மிச்சம் பிடிப்பது எனக்கு வீண் கஞ்சத்தனமாகவே படுகிறது.

அடைப்புக்குள் இருக்கும் 9 என்பது மொத்த இலக்கங்கள், 6 என்பது புள்ளிக்குப் பின்னால் வருபவை. முன்னால் மூன்றுக்கு இடம் இருக்கிறது. அட்சரேகை 90-ஐத் தாண்டாததால் அதற்கு DECIMAL(8,6) சரி. அதையே காப்பியடித்துத் தீர்க்கரேகைக்கும் வைத்துவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். தமிழ்நாடு முழுக்க 80-ஐ ஒட்டியே இருப்பதால் இங்கே ஒன்றும் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து 103.85 என்று ஒரு முகவரி வந்தால்தான் வினை. கண்டிப்பு முறை, அதாவது ஸ்ட்ரிக்ட் மோட், இயங்கினால் பிழை காட்டி நிறுத்திவிடும், தப்பித்தோம். அது அணைந்திருந்தால் வெறும் எச்சரிக்கையோடு 99.999999 என்று எழுதிவிடும். அந்த வீடு 400 கி.மீ.க்கு மேல் மேற்கே, சுமத்ரா தீவுக்குள் போய் உட்காரும்.

உங்கள் டேபிளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும்:

```sql
SELECT COUNT(*) FROM shops WHERE lng = 99.999999;
```

பூஜ்யம் வந்தால் நல்லது. வேறு எண் வந்தால் புலத்தின் வகையை மாற்றினாலும் பழைய எண் திரும்பாது. அத்தனை பேரிடமும் இருப்பிடத்தை மறுபடி கேட்டு வாங்கத்தான் வேண்டும்.