இருபத்துநான்கை எட்டால் வகுத்தால்

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி என் இடத்துக்குப் போனபோது, அங்கே ஒரு பெரியவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னுடையது S5 பெட்டியில் 23ஆம் எண், பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை. "ஐயா, இது என் சீட்டு" என்றேன். அவர் கவுன்ட்டரில் வாங்கிய டிக்கெட்டை நீட்டினார். "பாருங்க தம்பி, SLனு போட்டிருக்கு. சைடு லோயர்தானே?"

அவர் சொன்னதில் பாதி சரி. SL என்று அச்சாகியிருந்தது உண்மை. ஆனால் அது வகுப்புக்கான இடத்தில் இருந்தது. அங்கே SL என்றால் ஸ்லீப்பர் வகுப்பு. அதே இரண்டெழுத்து படுக்கை எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால்தான் சைடு லோயர். அவருடைய எண் 24. அதை அடுத்து இருந்த எழுத்து SU, அதாவது சைடு அப்பர். என் தலைக்கு மேலே இருந்த பலகைதான் அவருடையது. ஒரே குறியை இரண்டு வேலைக்கு வைத்தது ரயில்வேயின் குற்றமே தவிர அவருடையது அல்ல. சில டிக்கெட்டுகளில் படுக்கையின் வகையை முழுச்சொல்லாகவே அச்சிடுகிறார்கள். அதில் இந்தக் குழப்பம் வராது.

எழுத்தே இல்லாமல் எண்ணை மட்டும் வைத்தும் படுக்கையைச் சொல்லிவிடலாம். ஸ்லீப்பர் பெட்டியும் மூன்றடுக்கு ஏசி பெட்டியும் எட்டெட்டுப் படுக்கைகளாகத் தடுக்கப்பட்டவை. ஒரு பக்கம் கீழ், நடு, மேல் என்று 1, 2, 3. எதிர்ப்பக்கம் அதே வரிசையில் 4, 5, 6. நடைபாதைக்கு அப்பால் பக்கவாட்டில் கீழே 7, மேலே 8. அடுத்த தடுப்பில் 9 மறுபடியும் கீழ்ப்படுக்கை. ஆகவே உங்கள் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் கீழே, 2 அல்லது 5 என்றால் நடுவில், 3 அல்லது 6 என்றால் மேலே. 7 மிஞ்சினால் சைடு லோயர். மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். இருபத்துநான்கில் எட்டு மூன்று முறை போய்விடுகிறது, மிச்சம் இல்லை. பெரியவருக்கு இதைப் போட்டுக் காட்டியதும், "அடப்பாவமே" என்று மேலே அண்ணாந்து பார்த்தார்.

இதே கணக்கு கழிப்பறை எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லிவிடும். பழைய வகை ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள், புதிய எல்.எச்.பி. பெட்டியில் 80. எனவே ஒற்றை இலக்க எண்ணோ எழுபதுக்கு மேற்பட்ட எண்ணோ வந்தால் கதவோரம். இரவு முழுக்கக் கதவுச் சத்தம் கேட்கும். நாற்பதை ஒட்டிய எண் என்றால் பெட்டியின் நடுப்பகுதி.

இரண்டடுக்கு ஏசியில் நடுப்படுக்கை கிடையாது. ஒரு தடுப்புக்கு ஆறுதான். அங்கே ஆறால் வகுக்க வேண்டும். மீதி 1, 3 என்றால் கீழே, 2, 4 என்றால் மேலே, 5 சைடு லோயர், மீதி இல்லையென்றால் சைடு அப்பர். அதனால் 20 என்ற எண் ஸ்லீப்பரில் கீழ்ப்படுக்கை, இரண்டடுக்கு ஏசியில் மேல்படுக்கை. எதால் வகுப்பது என்பதைப் பெட்டியின் முதலெழுத்து சொல்லும். S ஸ்லீப்பர், B மூன்றடுக்கு ஏசி, A இரண்டடுக்கு ஏசி. H முதல் வகுப்பு ஏசி. அதில் கணக்குக்கே வேலையில்லை. டிக்கெட் எடுக்கும்போது இடம் உறுதி என்று மட்டும் வரும், எந்த அறை என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும்.

பெரியவருக்கு வயது அறுபத்தெட்டு. அவருக்கு ஏன் மேல்படுக்கை விழுந்தது என்பதற்கும் டிக்கெட்டிலேயே பதில் இருந்தது. கோட்டா என்ற இடத்தில் GN, அதாவது பொது ஒதுக்கீடு. கணினி பொதுவிலும் முதியவர்களுக்குக் கீழ்ப்படுக்கை தரப் பார்க்கும், ஆனால் காலி இருந்தால்தான். கீழ்ப்படுக்கைகளில் சிலவற்றைத் தனியாக எடுத்துவைத்திருக்கும் ஒதுக்கீட்டின் குறி SS. அறுபது வயது நிறைந்த ஆண்களும் நாற்பத்தைந்து நிறைந்த பெண்களும் தனியாகவோ, அப்படிப்பட்ட இருவராகவோ போனால் அதில் கேட்கலாம். கூட்டத்தோடு ஒரே டிக்கெட்டில் சேர்ந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். அவர் தனியாகத்தான் வந்திருந்தார், யாரும் அவரிடம் சொல்லவில்லை. TQ என்றிருந்தால் தட்கல். உறுதியான தட்கல் டிக்கெட்டை நாமாக ரத்துசெய்தால் பணம் திரும்பாது. LD என்றால் பெண்களுக்கானது.

இடத்தை மாற்றிக்கொண்டோம். பிறகு அவர் பையிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டை எடுத்தார். மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார், பத்து நாளில் சென்னை திரும்ப வேண்டும். அதில் GNWL 34 என்று இருந்தது. "முப்பத்திநாலு நல்ல நம்பரா?" என்று கேட்டார்.

காத்திருப்பு எண்ணைவிட அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் முக்கியம். GNWL என்றால் பொது வரிசை. ரயில் புறப்படும் ஊரில், அல்லது அதை ஒட்டி ஏறுகிறவர்கள் நிற்கும் வரிசை அது. அதற்குத்தான் படுக்கைகள் அதிகம், ரத்தாகிறவையும் அதிகம், எனவே வேகமாக நகரும். இடையிலுள்ள சின்ன ஊர்கள் பலவற்றுக்குச் சேர்த்து ஒதுக்கிய கொஞ்சம் படுக்கைகளுக்கான வரிசை PQWL. அங்கே 8 என்பதுகூட 8ஆகவே உட்கார்ந்திருக்கக்கூடும். நடுவழியில் இருக்கும் பெரிய ஊர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தால் RLWL. அதுவும் மெதுவாக நகர்வதுதான். பெரியவரின் ரயில் மதுரையிலிருந்தே புறப்படுவதால் அவர் நல்ல வரிசையில் நின்றார். இணையத்தில் பார்த்தேன். GNWL 34/WL 12 என்று காட்டியது. முதல் எண் வரிசையில் சேர்ந்தபோது இருந்த இடம், பின்னது இன்றைய இடம். முன்னால் நின்றவர்களில் இருபத்திரண்டு பேர் நகர்ந்துவிட்டார்கள்.

WL அடுத்து RAC ஆகும். RAC வந்தால் ரயிலில் ஏறலாம், ஆனால் ஒரு சைடு லோயரில் இருவர் உட்கார வேண்டும். யாராவது வராமல் போனால் டி.டி.ஆர். அந்தப் படுக்கையைத் தருவார். சார்ட் போட்ட பிறகும் WL ஆகவே நின்றால் முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. இணையத்தில் எடுத்ததென்றால் டிக்கெட் தானே ரத்தாகிப் பணம் திரும்பும். அவருடையது கவுன்ட்டர் டிக்கெட். ரயில் கிளம்ப அரைமணி நேரத்துக்கு முன்பே ரத்துசெய்தால்தான் பணம் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொன்னேன். இந்த வண்டி திருச்சியைத் தொடும்போது நள்ளிரவு தாண்டிவிடும். 14ஆம் தேதி எழும்பூரில் கிளம்புகிற வண்டியில் திருச்சியில் ஏறுகிறவர் டிக்கெட்டில் ஏறும் நாள் 15 என்றிருக்கும். 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்து நிற்பவர்களுக்கு அந்த ரயில் முந்தைய இரவே போய்விட்டது. ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்ன எழுத்துகளையும் பாருங்கள் என்றேன். MS என்றால் எழும்பூர், MAS என்றால் சென்ட்ரல். நடுவில் ஒரு A.

பத்தாம் நாள் மாலை அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, மெசேஜ் வந்திருச்சு. S3, நாப்பத்திநாலு. அஞ்செட்டு நாப்பது, மீதி நாலு. கீழ்ப் பெர்த்துதானே?"