அனுபவம் இல்லை, ப்ராஜெக்ட் இருக்கிறது

கல்லூரியை முடித்து முதல் ரெஸ்யூம் எழுதுகிறவர்கள் பலரும் முதல் பக்கத்தின் பாதியை ‘கேரியர் அப்ஜெக்டிவ்’, பத்தாம் வகுப்பு மதிப்பெண், அப்பா பெயர், பிறந்த தேதி என்று நிரப்பிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த ப்ராஜெக்ட்டுக்குக் கடைசியில் ஒரே வரிதான் மிஞ்சுகிறது. வேலை அனுபவம் இல்லாதவரிடம் காட்டுவதற்கு இருப்பதே அந்த ப்ராஜெக்ட்தான். ஆகவே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், கிட்ஹப் முகவரிக்குக் கீழே தெரிந்த தொழில்நுட்பங்களை ஓரிரு வரியில் சொல்லிவிட்டு, நேராக ப்ராஜெக்ட்டுக்கு வந்துவிடலாம். படிப்பு அதற்குப் பிறகு வரட்டும். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்.

கணினி அறிவியல் படித்த ஒரு மாணவி இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நூலக மேலாண்மை அமைப்பு. பைத்தான், மைஎஸ்கியூஎல் கொண்டு உருவாக்கப்பட்டது.” இதே வரி எத்தனையோ பேரின் ரெஸ்யூமில் இருக்கும். ‘உருவாக்கப்பட்டது’ என்றால் யார் உருவாக்கியது? குழுவில் எத்தனை பேர்? அவர் பங்கு எது?

அவரிடம் பேசிப் பார்த்தால் விவரம் வரும். குழுவில் மூன்று பேர். தரவுத்தளமும் தேடல் பக்கமும் இவர் பொறுப்பு. முதலில் 8,000 நூல்களின் பட்டியலும் ஒரே தடவையில் திரையில் ஏறியதால் பக்கம் திறக்க 5 நொடி ஆனது. பக்கத்துக்கு 20 நூல் என்று பிரித்ததும் ஒரு நொடிக்குள் திறந்தது. இதை அப்படியே எழுதலாம்: “கல்லூரி நூலகத்துக்கான தேடல் செயலி; மூவர் குழு. தரவுத்தளத்தையும் தேடல் பக்கத்தையும் நான் எழுதினேன். 8,000 நூல் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, திறக்கும் நேரத்தை 5 நொடியிலிருந்து 1 நொடிக்குள் கொண்டுவந்தேன்.” நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்பவருக்கும் பிடிகொடுக்கிற வரி இது. “ஏன் 5 நொடி ஆனது?” என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும்.

எண் என்றால் தானே அளந்ததாக இருக்க வேண்டும். அளக்கவில்லை என்றால் இன்று உட்கார்ந்து அளக்கலாம். கற்பனை எண்ணை எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்படும். பயனர் யாரும் இல்லாத ப்ராஜெக்ட்டா? பரவாயில்லை, எத்தனை சோதனைகள் எழுதினீர்கள், எந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு அல்லது மூன்று ப்ராஜெக்ட் போதும். விண்ணப்பிக்கும் வேலைக்கு நெருக்கமானது மேலே வர வேண்டும்.

இரண்டு பத்தியாகப் பிரித்த அழகான டெம்ப்ளேட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பங்களை முதலில் வாசிக்கும் மென்பொருள்களில் சில, இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் கலந்து படித்துவிடும். பிடிஎஃப் ஆகச் சேமித்த பின், அதிலுள்ள எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் முன்பின்னாக வந்தாலோ தொலைபேசி எண் காணாமல் போனாலோ, ஒரே பத்தியாக இருக்கும் எளிய வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.