சுயமரியாதைத் திருமணமும் சமயவியல் கட்டுரையும்

நான் மாணவனாக இருந்தபோது சமயவியல் கட்டுரைகளில் நாத்திகத்துக்குக் கடைசியில் ஒரு பத்தி கிடைக்கும். யார் எதையெல்லாம் நம்பவில்லை என்ற பட்டியலோடு அது முடிந்துவிடும். நானும் அப்படித்தான் எழுதினேன். சுயமரியாதைத் திருமணம் என்றால் புரோகிதர், மந்திரம், ஓமம் இல்லாத திருமணம் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அந்த மேடையில் என்ன நடந்தது என்பதுதான் படித்தவருக்குத் தெரியவில்லை.

நீதிமன்றமும் அன்று இல்லாததையே எண்ணியது. சாத்திரச் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்றது. அண்ணா முதல்வரான பிறகு 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறியது. அது மேடையில் நடப்பதையே சொல்கிறது: உற்றார், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிக்கலாம், அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலே திருமணம் செல்லும்.

கட்டுரை எழுதுகிறவர் கற்க வேண்டிய பார்வை மாற்றம் இதில் இருக்கிறது. புரிந்த மொழியில் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால், மணமக்களின் சம்மதத்துக்குச் சுயமரியாதை இயக்கம் கொடுத்த இடம் தெரியும். தாலியை அடிமைச் சின்னம் என்றார் பெரியார். சட்டமோ அதையும் ஒரு வழியாக வைத்தது. இயக்கத்தின் வழிவந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை என்பது அங்கேயே புலப்படுகிறது. திருமூலரின் ஒரே தேவன் என்ற கருத்தை அண்ணா ஏற்றதையும் பெரியாரின் கடவுள் மறுப்பையும் ஒரே பெட்டியில் அடைக்க முடியாது.

இன்றைய ஆய்வுகள், இல்லாததை எண்ணாமல் நடப்பதைச் சொல்லும் இந்தத் திசையில்தான் செல்கின்றன. மகாராஷ்டிரத்து மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தாரோடு பழகி யோகன்னஸ் குவாக் 2012-ல் வெளியிட்ட நூல், அவர்கள் ஊர் ஊராகச் செய்யும் வேலையை விரிவாகச் சொல்கிறது.

இன்று நான் திருத்தும் கட்டுரைகளில் வேறொரு பிழை தலைகாட்டுகிறது. பெரியாரைக் குருவாகவும் 'குடி அரசு' இதழை வேதமாகவும் உவமித்து, இயக்கத்தையே இன்னொரு மதமாக்கிவிடுகிறார்கள். மரியாதை செய்வதாக எண்ணிக் கடுமையான பக்கத்தை விட்டுவிடுவதும் பிழைதான். அதே 1953-ல் பெரியார் நடத்திய பிள்ளையார் சிலை உடைப்பும், பக்தர்கள் அதனால் புண்பட்டதும் கட்டுரையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 7ஏ பிரிவு இரு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே பொருந்தும். கடவுளை மறுத்து மணந்தவர்களையும் சட்டம் இந்துக்களாகவே கணக்கில் வைத்திருக்கிறது. அதையும் எழுதுங்கள்.