சராசரியில் இலாபம், கையில் நட்டம்

பங்குகளில் முதலிடும் நிதி ஒன்றில் ஒருவர் ஆண்டுத் தொடக்கத்தில் ரூ.1,000 போடுகிறார் என்று கொள்வோம். அது 40 விழுக்காடு வளர்ந்து ரூ.1,400 ஆகிறது. மகிழ்ந்தவர், இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் மேலும் ரூ.8,600 போடுகிறார். மொத்தம் ரூ.10,000. அவ்வாண்டிலோ 10 விழுக்காடு சரிவு, எஞ்சியது ரூ.9,000.

நாற்பதில் பத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், ஆண்டுக்குச் சராசரி 15 விழுக்காடு வளர்ச்சி! ஆனால் அவர் போட்டது ரூ.9,600, இருப்பது ரூ.9,000. பிழை எங்கே? வளர்ந்த ஆண்டில் சிறுதொகையும் சரிந்த ஆண்டில் பெருந்தொகையும் இருந்ததைச் சராசரி பார்ப்பதில்லை.

தொகையையும் அது இருந்த காலத்தையும் சேர்த்துப் பார்ப்பதே பண எடையிட்ட வருவாய் வீதம். போட்ட தொகை ஒவ்வொன்றுக்கும் ஒரே கூட்டுவட்டி வீதத்தை இட்டால், முடிவில் கையிலுள்ள தொகை சரியாக வரவேண்டும். அந்த வீதம் எது?

முதல் தொகைக்கு ஈராண்டு, அடுத்ததற்கு ஓராண்டு. ஆண்டுக்கு 5 விழுக்காடு நட்டம் எனக் கொண்டால் ரூ.9,072.50 வருகிறது, 6 எனில் ரூ.8,967.60. நமக்கு வேண்டியது ரூ.9,000. எனவே விடை ஏறத்தாழ 5.7 விழுக்காடு நட்டம். கணினி விரிதாளில் XIRR என்னும் சார்பு இதே தேடலைச் செய்கிறது.

ஆயினும், நிதியை நடத்தியவரின் திறமையை இவ்வீதத்தால் அளக்கலாகாது. பணம் எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை. அதற்கு 1.4ஐ 0.9ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணவேண்டும்: ஆண்டுக்கு 12.2 விழுக்காடு வளர்ச்சி. நிதி வளர்ந்தது, போட்டவர் பணம் தேய்ந்தது, இரண்டும் உண்மையே.